ஐந்தாவது ரவுண்டில் தொலைந்த மைனஸ் 18

"நான் மதுரையில் ஃப்ரீலான்ஸாக ஸ்க்ரிப்ட் எழுதுகிறேன். தூத்துக்குடியில் குளிர்பதனப் போக்குவரத்து நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு 3 நிமிட கார்ப்பரேட் வீடியோ. ஒரு பெட்டி இறால் ஃபேக்டரியிலிருந்து துறைமுகம் போய்ச் சேரும் வரை, திரையின் மூலையில் மைனஸ் 18 டிகிரி என்ற எண் மாறாமலே இருக்கும். இதுதான் என் ஐடியா. முதல் டிராஃப்ட் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இப்போது ஐந்தாவதில் இருக்கிறேன். எம்.டி. தன் பேச்சு வர வேண்டும் என்கிறார். ஹெச்.ஆர். ஊழியர் நலனைச் சேர்க்கச் சொல்கிறது. மார்க்கெட்டிங் நான்கு கிடங்குகளையும் பெயர் சொல்லிக் காட்டச் சொல்கிறது. ஆபரேஷன்ஸ் மேலாளர், 'எண் அப்படியெல்லாம் மாறாமல் நிற்காது சார்' என்கிறார். படித்துப் பார்த்தால் பிரோஷர் மாதிரி இருக்கிறது. சண்டை போடவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?"
— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஆபரேஷன்ஸ் மேலாளரைப் போய்ப் பாருங்கள். மற்ற மூவரும் எதையோ சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் ஒருவர்தான் உங்கள் ஐடியாவைக் கையில் எடுத்துப் பார்த்து, இது தப்பு என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரியும்கூட.

ரீஃபர் எனப்படும் குளிர்பதன கன்டெய்னரின் வெளியே டிஸ்பிளேயில் தெரிவது உள்ளே சுற்றும் காற்றின் வெப்பநிலை. கதவைத் திறந்தால் அது சட்டென்று ஏறும். டீஃப்ராஸ்ட் ஓடும்போதும் ஆடும். உறைந்த இறாலின் நடுவில் இருக்கும் வெப்பநிலை வேறு. அது அவ்வளவு சீக்கிரம் அசையாது. உறைந்த உணவுக்கான விதியும் மைனஸ் 18-லேயே நில் என்று சொல்வதில்லை. மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே வைத்திரு என்றுதான் சொல்கிறது. அதனால் நடைமுறையில் இன்னும் சில டிகிரி கீழேதான் செட் செய்து வைப்பார்கள். திரையில் மாறாத ஓர் எண்ணைப் போட்டால், இந்தத் தொழிலை அறிந்த வாங்குபவர் அதைக் கிராஃபிக்ஸ் வேலை என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் படத்தில் வருகிற எதையும் அவர் நம்ப மாட்டார்.

எனவே எண் அசையட்டும். மூலையில் இறாலின் வெப்பநிலையைப் போடுங்கள்: மைனஸ் 21, மைனஸ் 20, மறுபடி மைனஸ் 21. அதன் கீழே மெல்லிய கோடாக மைனஸ் 18. ஃபேக்டரியின் கரன்ட் இணைப்பைக் கழற்றி லாரியின் ஜென்செட்டுக்கு மாற்றும் நேரம், ஏற்றும்போது கதவு திறந்திருக்கும் நேரம், துறைமுகத்தில் மறுபடி பிளக் மாற்றும் நேரம் என்று இந்தப் பயணத்தில் பதற்றமான கணங்கள் மூன்றோ நான்கோதான் இருக்கும். சரியாக எவை என்று அந்த மேலாளரிடம் கேளுங்கள். அந்த இடங்களில் எண் கோட்டை நோக்கி மெல்ல ஏறி, தொடாமல் திரும்பட்டும். உங்கள் முதல் டிராஃப்டில் இல்லாத ஒன்று இப்போது வந்துவிட்டது. 'தாண்டிவிடுமோ' என்று பார்ப்பவர் கவலைப்படுவார். எண் மாறாமலே இருந்திருந்தால் அந்தக் கவலைக்கே இடமில்லை. ஃபீட்பேக் உங்களுக்குக் கொடுத்த பரிசு இது.

சரி, இப்போது உங்கள் ஐடியா என்ன ஆயிற்று? எண் மாறாது என்பது போய்விட்டது. ஆனால் ஐடியா போகவில்லை, பார்த்தீர்களா? 'ஒரு பெட்டி இறால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஊர் போய்ச் சேருகிறது.' இந்த ஒரு வாக்கியம்தான் ஐடியா. மூலையில் எண் எங்கே நிற்கும், கேமரா பெட்டியின் பார்வையில் போகுமா டிரைவரின் பார்வையில் போகுமா, குரல் ஆணா பெண்ணா எல்லாம் அதற்குப் போட்ட சட்டை. ரவுண்டு ரவுண்டாக வேலை செய்யும்போது நமக்கு வரும் வலியில் பாதி, சட்டையை உடம்பு என்று நினைப்பதால் வருவது. எதைக் கழற்றினால் படம் வேறு படமாகிவிடும் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரே ஒரு வாக்கியம் மிஞ்ச வேண்டும். நான்கு மிஞ்சினால் ஐடியாவை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

அந்த வாக்கியத்தை எம்.டி.யிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஒவ்வொரு டிராஃப்டின் முதல் பக்கத்திலும் மேலே வைப்பேன். எட்டு வருடமாக இதை விடாமல் செய்கிறேன். அதற்கு முன்னால் செய்யாமல் விட்டதன் விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் வெள்ளிவிழாப் படம். வந்த ஒவ்வொரு திருத்தமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. அதனால் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டே போனேன். ஆறாவது டிராஃப்ட் ஆறரை நிமிடத்துக்கு வந்தது. ஷூட்டும் முடிந்தது. ரஃப் கட் பார்த்த நிறுவனர், "முதல்ல ஒண்ணு படிச்சீங்களே, அது எங்கே?" என்றார். திருத்தம் சொன்ன அத்தனை பேரும் அந்த அறையில் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அவரவர் பகுதியை அவரவர் பார்த்தார்கள். முழுப் படத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். அது நான்.

அந்தப் படத்தில் கற்றதை அடுத்து கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரிக்காக எழுதியபோது பயன்படுத்தினேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எம்.டி., ஹெச்.ஆர்., மார்க்கெட்டிங் மூன்றுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது.

பம்ப், வால்வு பாகங்களுக்கான வார்ப்புகள் செய்யும் இடம் அது. லொகேஷன் பார்க்கப் போன அன்று, வயதான ஒரு ஃபோர்மேன் ஆறிய காஸ்டிங்குகளைச் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே வரிசையாகப் போனார். நல்ல எஸ்.ஜி. அயர்ன், அதாவது உள்ளே கிராஃபைட் உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பு, மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் 'டொக்' என்று வரும். அவர் எதையும் குனிந்துகூடப் பார்க்கவில்லை, காதுதான் பார்த்தது. படம் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. 'இங்கே இரும்பைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.' இருட்டுத் திரையில் ஒரு 'டிங்' சத்தத்தோடு ஆரம்பிக்கும் 4 நிமிடப் படம்.

கான்செப்ட் நோட்டுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்க்ரிப்ட் போன பிறகு குவாலிட்டி ஹெட்டிடமிருந்து ஒரு வரி வந்தது: 'சுத்தியல் சீனை எடுத்துவிடவும்.' காரணம் எழுதவில்லை. பழைய நானாக இருந்தால், இதுதான் படத்தின் உயிர் என்று இரண்டு பக்கத்துக்கு மெயில் எழுதியிருப்பேன். இந்த முறை போன் செய்து, "சார், இந்த சீனை யார் பார்த்தால் உங்களுக்குச் சங்கடம்?" என்று மட்டும் கேட்டேன். உடனே சொல்லிவிட்டார். வெளிநாட்டு கஸ்டமரின் ஆடிட்டர் பார்த்தால், இவர்களிடம் கருவியே இல்லையா, சுத்தியலை வைத்துத்தான் தரம் பார்க்கிறார்களா என்று நினைப்பார். தட்டிப் பார்ப்பது அவர்களுடைய எழுதிவைத்த நடைமுறையிலும் இல்லை. அவர் பயந்தது ஆடிட்டருக்கு. அந்தப் பயத்தை நீக்க அவருக்குத் தெரிந்த வழி சீனை எடுத்துவிடுவது. வேறு வழி தேடுவது என் வேலை.

அவருடைய லேபில் அரை நாள் உட்கார்ந்தேன். காஸ்டிங்கின் மேல் ஜெல் தடவி, அல்ட்ராசோனிக் ப்ரோபை வைத்துக் காட்டினார். "உள்ளே ஒலி அனுப்புறோம் சார். கிராஃபைட் உருண்டையா ஒழுங்கா அமைஞ்சிருந்தா ஒலி நொடிக்கு 5,600 மீட்டர் பக்கத்துல ஓடும். அமையலைன்னா வேகம் குறையும். அதை வச்சே உள்ளே எப்படி இருக்குன்னு சொல்லிடலாம்." அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புல்லரித்துவிட்டது. கருவியும் அதையேதான் செய்கிறது! தட்டுகிறது, கேட்கிறது.

மூன்றாவது டிராஃப்டில் ஃபோர்மேனின் சுத்தியல் ஓங்கும். விழுவதற்குள் கட் செய்து ப்ரோப் காஸ்டிங்கைத் தொடும். 'டிங்' சத்தம் இரண்டு ஷாட்டுக்கும் பொதுவாக ஓடும். ஸ்க்ரீனில் அலை எழும். குவாலிட்டி ஹெட் சம்மதித்தார். அதோடு தன் இளம் எஞ்சினியர் ஒருவரையே அந்த ப்ரோபைப் பிடிக்க அனுப்பினார். எம்.டி.க்குப் பேச வேண்டும் என்று ஆசை இருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கு பற்றிப் பேசுவதாக அவர் நினைத்திருந்தார். அப்பாவுக்கு இந்தச் சத்தம் எவ்வளவு பழக்கம் என்று ஒருமுறை டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். அதையே கேட்டேன். ஷெட்டில் நின்று, "எங்க அப்பா ஆபீஸ் ரூம்ல இருந்தே சொல்லிடுவாரு, அது கழிச்சுப் போட வேண்டிய பீஸுன்னு" என்றார். 6 நொடி. அவர் வந்த எல்லா வீடியோக்களிலும் அவருக்குப் பிடித்தது இதுதான் என்று பிறகு சொன்னார். சான்றிதழ்கள் கடைசி ஃபிரேமில் திரைமேல் எழுத்தாக, அதாவது ஒரு சூப்பராக, போயின. அவற்றைக் குரலில் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இதை வைத்து உங்கள் மூவரிடம் வருகிறேன். எம்.டி.யின் பேச்சைத் தனி சீனாக வைக்காதீர்கள். கோட்டைப் பற்றி அவருக்கு நிச்சயம் ஒரு கதை இருக்கும்: ஒரு லோடு கெட்டுப்போன இரவு, கன்டெய்னர் பழுதாகித் தானே கிளம்பிப் போன நாள். கேட்டு வாங்குங்கள், ஒரு வாக்கியம் போதும். ஹெச்.ஆர். சொல்லும் ஊழியர் நலன், கேன்டீன் ஷாட்டும் விளையாட்டு விழா ஷாட்டுமாக வந்தால் வேறு படம். ஆனால் அந்தப் பதற்றமான கணங்களில் குளிர் அங்கி போட்டுக்கொண்டு ஓடி பிளக் மாற்றுகிறவர் அவர்களுடைய ஊழியர்தானே. அவர் முகம், அவர் பெயர், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கீழே ஒரு சூப்பர் போடுங்கள். ஹெச்.ஆர். கேட்டதைவிட அது மரியாதையானது. எண்ணைக் காப்பாற்றுவதும் அவர்தான் என்று படமே சொல்லிவிடும்.

மார்க்கெட்டிங்கின் நான்கு கிடங்குகள்தான் கஷ்டம். ஒரு பெட்டி நான்கு கிடங்குக்குப் போகாது. இங்கே வாதத்தைவிட ஸ்டாப்வாட்ச் நன்றாக வேலை செய்யும். தமிழ் வாய்ஸ் ஓவர் நிதானமாகப் போனால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். ஆங்கிலக் கணக்கான 130, 140-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; நம் சொற்கள் நீளம். 3 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காவது சத்தத்துக்கும் மௌனத்துக்கும் விட வேண்டும் என்றால் உங்கள் கையில் இருப்பது மொத்தம் 200 சொல். நான்கு கிடங்குகளை ஊர்ப் பெயர், கொள்ளளவோடு சொன்னால் ஏறக்குறைய 35 சொல், அதாவது 20 நொடிக்கு மேல். அதைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லாதீர்கள். "சேர்க்கலாம். அந்த 20 நொடிக்கு எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஸ்க்ரிப்டை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் அவர்களே வேண்டாம் என்பார்கள். அப்படியும் வேண்டும் என்றால் கடைசியில் ஒரு வரைபட ஃபிரேம், நான்கு புள்ளி, குரல் இல்லாமல் 4 நொடி. அந்த நான்கிலும் அதே கோடு ஓடட்டும்.

இனி, இந்த நிலைமை ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான்கு பேர் நான்கு வழியில் ஃபீட்பேக் அனுப்பியிருப்பார்கள். ஒருவர் மெயில், ஒருவர் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட், ஒருவர் டாக்குமென்ட்டிலேயே உட்கார்ந்து மாற்றியிருப்பார். அதை எல்லாம் நீங்கள் தொகுத்திருப்பீர்கள். அங்கேதான் தப்பு நடந்தது. தொகுப்பது கிளையன்ட்டின் வேலை. நீங்கள் தொகுத்தால் அவர்களுக்குள் இருக்கும் முரண் உங்கள் ஸ்க்ரிப்டுக்குள் வந்து உட்காரும். அவர்கள் தொகுத்தால், எம்.டி. கேட்டதும் மார்க்கெட்டிங் கேட்டதும் ஒன்றோடொன்று மோதுகிறது என்பது அவர்கள் அறையிலேயே தெரிந்துவிடும். ஒரு ரவுண்ட் என்றால், ஒரு ஆள் கையெழுத்தோடு வரும் ஒரே பட்டியல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். அப்படி இரண்டு ரவுண்ட் கட்டணத்துக்குள் அடக்கம், மூன்றிலிருந்து தனிக் கட்டணம். கூகுள் டாக்ஸில் அவர்களுக்கு Editor அனுமதி கொடுக்க மாட்டேன், Commenter மட்டும்தான். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று Version history-யில் தேடி ஒரு நாளை வீணாக்கிய பிறகு வந்த பழக்கம் அது.

பட்டியல் வந்ததும் ஸ்க்ரிப்டை உடனே தொடாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் எதிரில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இவர் எதைக் கண்டு கவலைப்படுகிறார், நான் என்ன செய்தேன். ஏற்காததற்கும் ஒரு வரி காரணம். அந்தத் தாளை அடுத்த டிராஃப்டோடு சேர்த்து அனுப்புங்கள். தான் சொன்னதைக் கேட்டார்கள் என்று எழுத்தில் பார்த்தவர் அதையே மறுபடி கேட்பது குறைவு. பெயர், எண், கொள்ளளவு போன்ற உண்மைத் திருத்தங்களை விவாதமே இல்லாமல் அன்றே முடித்துவிடுங்கள். சொல் தேர்வு பற்றிய ரசனைகளிலும் தாராளமாகவே விட்டுக்கொடுங்கள். 'தரம்' என்பதற்கு 'நம்பிக்கை' என்று போட்டால் படம் சாகாது.

ஐந்தாவது டிராஃப்டில் நிற்கும் நீங்கள் ஆறாவதை மெயிலில் அனுப்பாதீர்கள். எம்.டி.யிடம் 40 நிமிடம் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"சார், ஐந்து டிராஃப்டிலும் வந்த கருத்துகளைச் சேர்த்துப் பார்த்தபோது படம் இரண்டு திசையில் போகிறது என்று தோன்றுகிறது. ஆபரேஷன்ஸ் சார் சொன்ன ஒரு திருத்தத்தால் முதல் ஐடியா இன்னும் பலமாகியிருக்கிறது. உங்கள் முன்னால் இரண்டு வடிவங்களைச் சத்தமாகப் படித்துக் காட்ட விரும்புகிறேன். கருத்து சொன்ன நால்வரும் இருந்தால் அன்றே முடிவு செய்துவிடலாம்."

நேரில் ஐந்தாவதை முதலில் படியுங்கள், ஸ்டாப்வாட்சோடு. கேலியாகப் படிக்காதீர்கள், வாய்ஸ் ஓவர் கலைஞர் படிப்பது போலவே படியுங்கள். 3 நிமிடத்தைத் தாண்டி அது ஓடுவதை அவர்களே உணர்வார்கள். அப்புறம் அசையும் எண்ணோடு எழுதிய புது வடிவம். எண்கள் வரும் இடத்தில் குரலை நிறுத்தி, மைனஸ் 20, மைனஸ் 19 என்று மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். காகிதத்தில் மௌனம் வெற்றிடமாகத் தெரியும், அதனால்தான் படிக்கிற எல்லோரும் அதை நிரப்பச் சொல்கிறார்கள். காதில் கேட்டால் அங்கே ஏதோ நடக்கிறது என்று புரியும். ஆபரேஷன்ஸ் மேலாளரின் திருத்தத்தை அவர் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அந்த அறையில் உங்களுக்காகப் பேசப் போகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். முடிவு ஆனதும், வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் முடிவுகளை மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஐடியாவை நீங்களே எடுத்து ஓரமாக வைக்க வேண்டிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அந்த அறையில் எம்.டி., "இதை நாங்கள் காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூவில் போடப் போகிறோம்" என்றோ, "பேங்க்காரர்களுக்குக் காட்டத்தான்" என்றோ சொன்னால், பார்ப்பவர் மாறிவிட்டார். இறால் வாங்குபவருக்காக எழுதிய கோடு, வேலை தேடும் பையனுக்கு ஒன்றும் சொல்லாது. ஹெச்.ஆர். அவ்வளவு அழுத்தமாகக் கேட்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருக்கிறது. எனவே படிக்க ஆரம்பிப்பதற்கு முன், "இந்தப் படத்தை முதலில் யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். வேறு ஆள் என்றால் அது ஆறாவது டிராஃப்ட் ஆகாது. புது பிரீஃப், புது கொட்டேஷன். மைனஸ் 18 உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.